நேசமணியின் சுத்தியலும் எங்கட பல்கனியும்

2023இல் 'காவாலா' பாட்டு ஓடிய ஓட்டம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அந்தக் கோடையில் என் போனில் வீடு விற்கும் முகவர் ஒருவர் அந்தப் பாட்டுக்கு ஆடினார். அவருக்குப் பின்னால் ஒரு வீடு, தலைக்கு மேலே வட்டி வீதம். பிறகு பல் வைத்தியர் ஒருவர் ஆடினார். அதற்குப் பிறகு வரிப் பத்திரம் நிரப்பித் தருகிறவர். மூன்று பேரும் நல்லாகத்தான் ஆடினார்கள். ஆனால் மூன்று வீடியோக்களின் எழுத்தையும் ஒன்றுக்கொன்று மாற்றிப் போட்டிருந்தாலும் ஒன்றும் குறைந்திருக்காது. பல் வைத்தியரின் தலைக்கு மேல் வட்டி வீதம் இருந்தாலும் பாட்டு அதே மாதிரி ஓடும். பார்க்கிறவருக்கு 'ஒட்ட வைத்திருக்கிறார்கள்' என்று உறுத்துவது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். ஆட்டம் சரியில்லாததால் அல்ல. அந்த விசயத்துக்கு அந்தப் பாட்டு ஏன் தேவைப்பட்டது என்பது எங்கேயும் தெரியாததால்.

இதை நான் விளையாட்டாக யோசிக்கத் தொடங்கவில்லை. சென் ஜேம்ஸ் ரவுணில் நாங்கள் இருக்கிற கட்டடத்தில், 2024 வசந்த காலத்தில், தமிழ் குடும்பங்களின் வட்ஸ்அப் குழுவில் ஒரு வேலை வந்தது. பல்கனியில் இருந்து சிகரட்டுத் துண்டு எறியாதீர்கள், பல்கனியில் பெட்டிகளையும் பழைய மெத்தைகளையும் அடுக்காதீர்கள் என்று சொல்ல வேண்டும். எலிவேற்றருக்குப் பக்கத்தில் ஒட்டிய அறிவித்தலை ஒருவரும் வாசிப்பதில்லை. 'பிள்ளைகள் பார்க்கிற மாதிரி ஒரு ரீல்ஸ் செய்து குழுவில போடுவம்' என்று ஒருவர் சொன்னார். எங்கட கட்டடத்துப் பல்கலைக்கழகப் பிள்ளைகள் மூன்று பேர் முன்வந்தார்கள். மென்பொருள் வேலை செய்கிறேன் என்ற ஒரே காரணத்துக்காக என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். கணினி தெரிந்தவனுக்கு வீடியோ வெட்டவும் தெரியும், பிரின்ரர் திருத்தவும் தெரியும் என்பது எங்கட ஆக்களின் நம்பிக்கை.

ஏன் இந்த அக்கறை என்று வெளியில் இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். வெலஸ்லி வீதிக்கும் பார்லிமென்ற் வீதிக்கும் இடையில் கூட்டமாக நிற்கிற உயர்மாடிகள்தான் சென் ஜேம்ஸ் ரவுண். பெரும்பாலும் 1960களில் எழும்பியவை. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ரொறன்ரோவுக்கு வந்த பல தமிழ்க் குடும்பங்கள் முதலில் சூட்கேஸ் இறக்கிய இடம். 2010 செப்டெம்பர் 24, ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், 200 வெலஸ்லி கிழக்குக் கட்டடத்தின் 24ஆம் மாடியில் தீப்பிடித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அன்று வீட்டை விட்டு இறங்கினார்கள். பலர் பல வாரங்கள் திரும்பிப் போக முடியவில்லை. மேலிருந்து எறியப்பட்ட சிகரட்டுத் துண்டு ஒன்று அந்தப் பல்கனியில் இருந்த எரியக்கூடிய பொருட்களில் விழுந்ததே காரணமாக இருக்கலாம் என்றுதான் ஒன்ராறியோ தீயணைப்பு மார்ஷல் அலுவலகத்தின் விசாரணை முடிந்தது. எறிந்தவர் யார், எந்த மாடி என்று இன்றுவரை எங்களில் ஒருவருக்கும் தெரியாது. எறிந்தவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

பிள்ளைகளின் முதல் யோசனை 'குணா' பாட்டு. அப்போது அதுதான் எங்கும் ஓடிக்கொண்டிருந்தது. 1991இல் வந்த கமல் படத்தின் பாட்டு, 2024 பெப்ரவரியில் வந்த 'மஞ்ஞும்மல் போய்ஸ்' என்ற மலையாளப் படத்தால் மறுபடி உயிர்த்தெழுந்திருந்தது. சொல்லப்போனால், ஒரு பழைய ஓடியோவைச் சம்பந்தமில்லாத விசயத்துக்குப் பொருத்துவது எப்படி என்பதற்கு அந்தப் படத்தை விட நல்ல பாடம் கிடையாது. பாட்டு காதல் பாட்டு. படமோ கொச்சிப் பக்கத்தில் இருந்து கொடைக்கானலுக்குச் சுற்றுலா போன பெடியன்களைப் பற்றியது. ஒருவன் குகைக்குள் இருக்கிற குழியில் விழுந்துவிடுகிறான், நண்பன் கயிற்றில் இறங்கி அவனைத் தூக்கி வருகிறான். 2006இல் உண்மையாகவே நடந்த சம்பவம். காதலுக்கும் இதற்கும் என்ன தொடர்பு? ஆனால் தியேட்டரில் அந்தப் பாட்டு எழும்பியபோது ஒருவருக்கும் அப்படிக் கேட்கத் தோன்றவில்லை. எனக்குப் பக்கத்தில் இருந்த ஒரு மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அது பொருந்தியதற்கு முதல் காரணம் எல்லோரும் சொல்வது: அந்தக் குகை. 'குணா' படம் அங்கே எடுக்கப்பட்டதால்தான் அதற்குக் குணா குகை என்ற பெயரே வந்தது. ஆகவே பாட்டு வெளியில் இருந்து வரவில்லை, அந்த இடத்திலேயே இருந்தது. இரண்டாவது காரணம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அந்தப் பாட்டுக்குள் காயம் இருக்கிறது. காயம்பட்ட ஒருவன், அதைப் பெரிதாக எடுக்காமல், மற்றவர் தாங்கமாட்டாரே என்று கவலைப்படுகிறான். கடைசியில் இது சாதாரண மனிதக் காதல் இல்லை என்கிறான். 'காதல்' என்ற சொல்லை மட்டும் தூக்கிவிட்டுப் பாருங்கள். காயம், அதைத் தாங்குகிற ஒருவன், பெயர் வைக்க முடியாத பாசம் என்று மிச்சம் நிற்பதெல்லாம் குழிக்குள் இருந்த இரண்டு நண்பர்களிடமும் அப்படியே இருக்கிறது. பாட்டின் சொற்கள் பொருந்தவில்லை, பாட்டுக்குள் இருக்கிற ஆட்களின் உறவு பொருந்தியது. எங்கட தொழிலில் சொன்னால், பெயர் வேறாக இருந்தாலும் இரண்டு பக்கத்து இணைப்பும் ஒரே வடிவம்.

அப்படியென்றால் எங்கட ரீல்ஸுக்கும் அது நல்லதுதானே என்று பிள்ளைகள் கேட்டார்கள். தீ, ஆபத்து, அயலவர் அயலவரைக் காப்பாற்றுவது. ஒரு வெட்டும் செய்து காட்டினார்கள்: புகை நிறைந்த மாடிப்படி, ஒரு பெடியன் ஒரு வயதான அம்மாவைத் தோளில் தூக்கி இறங்குகிறான், பாட்டு உச்சிக்குப் போகிறது. அழகாகத்தான் இருந்தது. நானும் இரண்டு தரம் பார்த்தேன்.

ஆனால் அந்த ஓடியோ ஒரு விசயத்தைச் சொல்லிக்கொண்டே வரும், நாங்கள் மேலே என்ன எழுதினாலும். 'எல்லாரும் பின்வாங்கினாலும் நீ உள்ளே இறங்கு' என்பதுதான் அது. படத்தில் அது வீரம். ஒரு உயர்மாடித் தீயில் அது உயிருக்கு ஆபத்து. புகை இருக்கிற மாடிப்படிக்குள் போகாதே, கதவைத் திறந்து விட்டு ஓடாதே, ஒருமுறை வெளியில் வந்தால் திரும்பி உள்ளே போகாதே என்றுதான் தீயணைப்புக்காரர் எப்போதும் சொல்வார்கள். நாங்கள் கீழே எழுத்தில் 'திரும்பிப் போகாதீர்கள்' என்று போட்டாலும் பாட்டு 'போ' என்று சொல்லும். எழுத்தும் பாட்டும் சண்டை பிடித்தால் பாட்டுத்தான் வெல்லும். ஆகவே கேட்க நல்லாக இருக்கிறது, எல்லோருக்கும் தெரியும், இப்போது ஓடுகிறது என்ற மூன்று தகுதியும் இருந்தும் அதை விட்டோம்.

இன்னொரு தயக்கமும் வந்தது. அந்த மே மாதத்தில் இளையராஜா தரப்பு அந்தப் படத்தின் தயாரிப்பாளர்களுக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பிய செய்தி வந்தது. தயாரிப்பாளர்கள் உரிமை வைத்திருந்தவர்களிடம் முறையாக வாங்கினோம் என்றார்கள். அந்த வழக்கு எங்களுக்குச் சம்பந்தமில்லை. ஆனாலும் இன்ஸ்ரகிராமுக்குள் தனிப்பட்ட கணக்கில், அவர்கள் தருகிற பாட்டுப் பட்டியலில் இருந்து எடுத்துப் போடுவது ஒன்று, அதையே வீடியோவாக இறக்கி வட்ஸ்அப்பிலும் கட்டடத்து ரீவியிலும் போடுவது வேறொன்று என்பது அப்போதுதான் பிள்ளைகளின் தலையில் ஏறியது. முதலாவதற்கு அந்தத் தளம் உரிமை வாங்கி வைத்திருக்கிறது. இரண்டாவதற்கு அந்த உரிமை கூட வராது. வியாபாரக் கணக்குகளுக்குப் பாட்டுப் பட்டியலே சுருங்கியதுதான்.

பிறகுதான் நேசமணி வந்தார். கொண்டுவந்தது நானல்ல, பிள்ளைகளில் ஒருத்தியின் அப்பா. மகள் கதையைச் சொன்னதும் அவர் சோபாவில் இருந்தபடியே 'மேல இருந்து விழுந்தா நேசமணிதானே' என்றாராம்.

வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2001இல் வந்த 'பிரண்ட்ஸ்' படத்தில் வடிவேலு பெயின்ற் கொன்ராக்டர் நேசமணி. ஒரு பெரிய பங்களாவில் வேலை நடக்கிறபோது மேலே நிற்கிற அவருடைய அண்ணன் மகனின் கையில் இருந்த சுத்தியல் நேரே அவர் தலையில் விழும். பதினெட்டு வருடம் கழித்து, 2019 மே மாதக் கடைசியில், பேஸ்புக்கில் கட்டடப் பொறியியல் பக்கம் ஒன்று ஒரு சுத்தியலின் படத்தைப் போட்டு, உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டது. தமிழர் ஒருவர் பெயரைச் சொல்லிவிட்டு, இதால்தான் நேசமணியின் தலை உடைந்தது என்று மிகவும் சீரியஸாக எழுதினார். அவர் இப்போது எப்படி இருக்கிறார் என்று யாரோ கேட்க, விரைவிலேயே `#Pray_for_Neasamani` உலக அளவில் ட்ரெண்டானது. எழுத்துப் பிழையோடுதான். மோடி இரண்டாவது தரம் பதவியேற்ற அதே நாட்களில் இது நடந்தது என்பதால் இந்தியப் பத்திரிகைகள் தலையைச் சொறிந்தன.

இந்த விளையாட்டைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் ஒன்று விளங்கும். அதுவே ஒரு பொருத்தல்தான். பெரிய அனர்த்தம் ஒன்று நடந்தால் உலகம் முழுக்க 'பிரார்த்தியுங்கள்' என்று போடுகிற பழக்கம் அதற்கு முன்பே இருந்தது, 2015இல் பாரிஸ் தாக்குதலின்போது பார்த்தோம். அந்த வடிவத்தில் மூன்று இடம் இருக்கிறது: அடிபட்டவர், அடி, தூரத்தில் இருந்து கவலைப்படுகிறவர்கள். ஆட்கள் அந்த மூன்று இடத்தையும் ஒழுங்காக நிரப்பினார்கள். ஆஸ்பத்திரியின் உடல்நிலை அறிக்கை போட்டார்கள், அண்ணன் மகனைக் கைது செய் என்று கோரினார்கள், சுத்தியல் மீது விசாரணை கேட்டார்கள். ஒருவரும் கண்ணடிக்கவில்லை. 'இது பகிடி' என்று யாராவது இடையில் சொல்லியிருந்தால் அன்று மாலையே செத்திருக்கும். பிற்பாடு விளம்பரக் கணக்குகளும் இதில் ஏறின. நேசமணிக்கு எங்கள் தலைவலி மாத்திரை, நேசமணிக்கு எங்கள் காப்புறுதி என்ற வகை ஓரளவுக்கு நின்றது, ஏனென்றால் அடிபட்டவருக்கு அவை உண்மையாகவே தேவை. நேசமணியின் படத்துக்குப் பக்கத்தில் ஆடித் தள்ளுபடி போட்டால் எந்த இடத்திலும் உட்காராது.

எங்கட விசயத்துக்கு இந்த மூன்றையும் வைத்துப் பார்த்தோம். மேலே ஒருவர். அவர் கையில் இருந்து ஒன்று நழுவுகிறது. கீழே ஒருவர் ஒன்றும் அறியாமல் தன்பாட்டில் இருக்கிறார். மேலே நின்றவருக்குக் கெட்ட எண்ணம் கிடையாது, கவனமும் கிடையாது. பல்கனியில் சிகரட்டு விழுகிற கதை இதைவிட வேறொன்றும் இல்லை. நாங்கள் எதையும் இழுத்து வளைக்க வேண்டியிருக்கவில்லை. அதைவிட முக்கியம், இந்த வடிவம் சொல்கிற புத்தியும் நாங்கள் சொல்ல வந்ததும் ஒன்றே: கையில் இருக்கிறதை விடாதே, கீழே ஆள் இருக்கு. குணா பாட்டில் எங்களுக்கு எதிராக நின்றது இங்கே எங்களோடு நின்றது.

அந்த உற்சாகத்தில் ஒரு பெடியன் இன்னொரு யோசனை சொன்னான். 2018 ஓகஸ்டில் 650 பார்லிமென்ற் வீதிக் கட்டடத்தில் நடந்த தீயையும் சேர்ப்போம் என்றான். அதிலும் ஏறத்தாழ 1500 பேர் வெளியேறினார்கள், ஒரு வருடத்துக்கு மேல் திரும்ப முடியவில்லை. ஆனால் அது மின்சார அமைப்பில் வந்த தீ. அங்கே மேலே நின்று கைநழுவ விட்ட ஆள் ஒருவரும் இல்லை. அதற்கு நேசமணியைப் போட்டால், பகிடி ஓடுவதற்காக ஒரு அண்ணன் மகனைக் கண்டுபிடிக்க வேண்டி வரும், அந்த இடத்தில் குடியிருந்தவர்கள்தான் போய் நிற்பார்கள். ஒரே அயல், ஒரே பயம், இரண்டு தீ. ஒன்றுக்குப் பொருந்துகிறது, மற்றதற்குப் பொருந்தாது. பொருந்தாத இடத்தில் போட்டால் வெறும் அசிங்கமாக மட்டும் இருக்காது, பொய்யாகவும் இருக்கும்.

வேலை தொடங்க முன்னர் எங்கட மாடியில் இருக்கிற அக்கா ஒருவரிடம் போனோம். 2010இல் அவர் 200 வெலஸ்லியில் இருந்தவர். கதையைக் கேட்டதும் அவர் சிரிக்கவில்லை.

'தம்பி, நாங்கள் அண்டைக்கு உடுத்த உடுப்போட இறங்கினாங்கள். பாஸ்போட்டும் இல்லை, அம்மாவின்ர மருந்தும் இல்லை. நீங்கள் இதை வடிவேலு பகிடியாக்கப் போறியளோ?'

நான் விளக்க வெளிக்கிட்டேன். அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டுக் கொஞ்சம் யோசித்தார்.

'சிகரட் விழுறதைப் பார்த்துச் சிரிக்கலாம். அது மடத்தனம், சிரிக்க வேண்டியதுதான். நெருப்பைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி இருக்கக்கூடாது. அலாரச் சத்தமும் போடாதேங்கோ. அந்தச் சத்தம் போனில கேட்டாலே எனக்கு நெஞ்சு படபடக்கும். மற்ற ஆக்களுக்கு அது பழகிப் போய் உண்மையா அடிக்கேக்கையும் எழும்பமாட்டினம்.'

எத்தனை மணித்தியாலம் நாங்கள் இருந்து யோசித்தாலும் இந்த எல்லைக்கோடு எங்களுக்குப் பிடிபட்டிருக்காது. அதன்படி வீடியோவில் தீ இல்லை, புகை இல்லை, சைரன் இல்லை. பகிடி தீ தொடங்குவதற்கு முன்னமே முடிந்துவிடும்.

அடுத்தது சத்தம். படத்தில் இருந்து அந்தத் துண்டை வெட்டிப் போட்டால் உரிமைப் பிரச்சினை ஒன்று. அதோடு, உண்மையான வடிவேலு திரையில் வந்துவிட்டால் பார்க்கிறவர் அடுத்த பத்து நிமிடம் யூரியூப்பில் 'பிரண்ட்ஸ்' பார்க்கப் போய்விடுவார். எங்களுக்கு வேண்டியது அந்தக் காட்சி அல்ல, அந்த அடுக்கு: மேலே கவனமின்மை, ஒரு நொடி அமைதி, 'டங்'. அந்த 'டங்'கை நாங்களே செய்தோம். சமையலறையில் இருந்த பெரிய எவர்சில்வர் சட்டியைக் கவிழ்த்து வைத்து, சுத்தியலால் ஒரு தட்டு. ஆறு தரம் தட்டிப் பார்த்து, நாலாவதை எடுத்தோம். சட்டியைப் பிடித்துக்கொண்டு தட்டினால் சத்தம் உடனே செத்துவிடும், ஒரு துணி மேல் வைத்துத் தட்டினால் கொஞ்ச நேரம் நின்று ஒலிக்கும்.

அடிபடுகிறவர் யார் என்பதில்தான் நல்ல யோசனை வந்தது. மனிதரைப் போட்டால் அக்கா சொன்ன எல்லையைத் தாண்டும். ஆகவே கீழ்ப் பல்கனியில் ஒரு பழைய காட்போட் பெட்டியை வைத்து, அதன் தலையில் நேசமணி மாதிரி ஒரு துவாயைக் கட்டி, இரண்டு கண் வரைந்தோம். உண்மையில் எரியப் போவது அந்தப் பெட்டிதானே. பல்கனியில் பொருள் அடுக்காதே என்ற இரண்டாவது செய்தியும் தனியாகச் சொல்லாமலே உள்ளே வந்துவிட்டது.

பிள்ளைகள் முதலில் வெட்டியது 41 செக்கன். தொடக்கத்தில் கட்டடத்தின் பெயர், பிறகு 'தீப் பாதுகாப்பு' என்ற தலைப்பு, பிறகு ஐந்து விதிகள், கடைசியில்தான் சுத்தியல். இது பலரும் செய்கிற வேலை. விசயம் சீரியஸ் என்பதை முதலே சொல்லிவிட்டுப் பிறகு பகிடி செய்ய அனுமதி கேட்பது. அதற்குள் ஆள் விரலைத் தள்ளிப் போய்விடுவார். அப்படியே நின்று பார்த்தாலும் பகிடி பின்னால் ஒட்டியதாகத் தெரியும். வெட்டி வெட்டி 18 செக்கனுக்குக் கொண்டுவந்தோம்.

முதல் மூன்று செக்கன் ஒரு கை, பல்கனிக் கம்பி, சிகரட், பின்னால் யாரோ போனில் கலியாண மண்டபம் பற்றிக் கதைக்கிற சத்தம். கை சுண்டுகிறது. அடுத்த மூன்று செக்கன் சத்தமே இல்லை, துண்டு மட்டும் விழுகிறது. பிறகு 'டங்', பெட்டி நேசமணியின் முகம். உடனே மேலே அதே கை, இப்போது தேத்தண்ணிக் கோப்பையோடு, கதை தொடர்கிறது, ஒன்றும் நடக்காத மாதிரி. அந்த நாலு செக்கன்தான் முழு வீடியோவிலும் எனக்குப் பிடித்தது. அதற்குப் பிறகுதான் எழுத்து: 'கீழ ஆள் இருக்கு.' கடைசியில் தண்ணி விட்ட ஒரு டின், அதற்குள் சிகரட்டை அமத்துகிற கை. உண்மையான பல்கனியில் இருந்து எதையும் கீழே எறியவில்லை, சொல்லிவிட வேண்டும். கை ஒரு இடத்தில், விழுகிறது இன்னொரு இடத்தில். கதிரையில் ஏறி நின்று ஒரு வெள்ளைச் சோக்குத் துண்டைப் போட்டுத்தான் எடுத்தோம்.

எழுத்தைத் திரையின் நடுவில் வைத்தோம், ஏனென்றால் ரீல்ஸில் கீழ்ப்பகுதியைப் பெயரும் பட்டன்களும் மூடிவிடும். சத்தமில்லாமல் பார்க்கிறவர்களும் நிறையப் பேர், பஸ்ஸில் இருந்தும் வேலை இடத்தில் ஒளித்தும் பார்ப்பார்கள். அவர்களுக்காக 'டங்' என்ற சொல்லையும் பெட்டியின் தலைக்கு மேல் எழுதினோம். சத்தத்தை முழுதாக நிறுத்திப் பார்த்தபோதும் கதை விளங்கியது. விளங்காமல் இருந்திருந்தால் நாங்கள் ஓடியோவில் அளவுக்கு மீறிச் சாய்ந்திருக்கிறோம் என்று அர்த்தம்.

குழுவில் போடுவதற்கு முன் மூன்று பேருக்குக் காட்டினோம். நேசமணியைக் கரைத்துக் குடித்த ஒரு அண்ணை, 'பிரண்ட்ஸ்' படமே பார்க்காத பதினாலு வயதுப் பெடியன், அந்த அக்கா. நல்லா இருக்கா என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் எங்கட ஆக்கள் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். 'இது என்ன செய்யச் சொல்லுது?' என்று மட்டும் கேட்டோம். அண்ணை முதலில் வடிவேலுவைப் பற்றி ஐந்து நிமிடம் கதைத்தார். பிறகு 'சிகரட்டைக் கீழ போடாத எண்டு சொல்லுது' என்றார். பெடியன் உடனே அதையே சொன்னான், அதோடு 'ஏன் பெட்டிக்கு துவாய் கட்டியிருக்கு?' என்று கேட்டான். அந்தக் கேள்வி எங்களுக்குச் சந்தோசம். வடிவம் தெரிந்தவருக்குக் கூடுதலாக ஒன்று கிடைக்கிறது, தெரியாதவருக்கு ஒன்றும் குறையவில்லை.

இதற்கு ஒரு எல்லை இருந்தது. எங்கட கட்டடத்தில் பிலிப்பினோ, நேபாளி, எதியோப்பியக் குடும்பங்களும் இருக்கின்றன. ஆங்கில எழுத்துப் போட்டு அவர்களுக்கும் அனுப்புவோம் என்று ஒரு கதை வந்தது. அவர்களுக்குத் துவாய் கட்டிய பெட்டி வெறும் துவாய் கட்டிய பெட்டிதான். 'டங்'குக்கு முன்னால் வருகிற அமைதியில் எங்கட ஆக்கள் சிரிக்கத் தயாராவதற்குக் காரணம் இருபது வருடப் பழக்கம். ஆகவே அவர்களுக்கு அந்த மூன்று பேரும் கையையும் டின்னையும் மட்டும் வைத்து வேறு வெட்டு வெட்டினார்கள். பெட்டியின் துவாயைக் கழற்றிவிட்டார்கள்.

அக்காதான் கடைசியாகப் பார்த்தவர். முழுதையும் இரண்டு தரம் போட்டுப் பார்த்தார். பெட்டிக்குச் சிரித்தார். பிறகு கடைசிக் காட்சியில் நிறுத்தச் சொன்னார்.

'டின்னை எங்க வைச்சிருக்கிறியள்?'

பார்த்தோம். வெளிச்சம் நல்லாக விழுகிறதென்று பிள்ளைகள் டின்னைப் பல்கனிக் கம்பியின் மேல் விளிம்பில் வைத்து எடுத்திருந்தார்கள்.

'காத்துக்கு அது கீழ விழுந்தா ஆற்ற தலையில விழும்? நிலத்தில வைச்சு எடுங்கோ' என்றார்.

அந்த மூன்று செக்கனை மட்டும் அடுத்த நாள் பின்னேரம் திரும்ப எடுத்தோம்.